நிறுத்தி வைக்கப்பட்டிருந்த மோட்டார் சைக்கிள்

அன்றைக்குப் பாடசாலை விட்டு வரும் வழியில், சந்திக் கடையில் பாண் வாங்கிக்கொண்டு நின்றேன். பலாங்கொடையிலிருந்து வந்த பஸ் நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். அதில் ஒருவர் மட்டும் ஹெல்மெட் போட்டிருந்தார். அது என் வீட்டுக்காரர்.

"என்னங்க, பைக் எங்க?"

"வீட்டுக்குப் போவோம், வா."

"ரிப்பேரா?"

"ரிப்பேர்னா நல்லாத்தான் இருந்திருக்கும்."

ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னேன். தலையைத் தொட்டுப் பார்த்துத்தான் அது அங்கே இருப்பதைத் தெரிந்துகொண்டார். இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வரைக்கும், அங்கிருந்து எங்கள் தோட்டத்துச் சந்தி வரைக்கும், இரண்டு பஸ்ஸிலும் அப்படியே உட்கார்ந்து வந்திருக்கிறார். கண்டக்டர்கூட ஒன்றும் கேட்கவில்லையாம்.

அவர் தேயிலைத் தோட்டத்து ஒபிசில் கிளாக்கர். காலையில் புறப்படும்போது, "தோட்ட வேலையா கச்சேரிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரத்தினபுரியில் அரசாங்கக் காரியாலயமான கச்சேரியின் மதிலோரம் ஒரு மரத்தடியில் பைக்கை நிறுத்தியிருக்கிறார். உள்ளே போய் வேலையை முடித்துத் திரும்பி வந்தால் மரம் மட்டும் நிற்கிறது.

"பொலிசுக்குப் போனீங்களா?"

"பைக் ஒன் பேர்லல்ல இருக்கு. ஓனர்தான் போகணும். பதிவுப் பொத்தகமும் வீட்ல இருக்கு."

அது உண்மைதான். பைக் வாங்கும்போது என் பெயரில் பதிய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர்தான். அரசாங்க டீச்சர் பெயரில் இருந்தால் செக்பொயின்ட்டில் மரியாதை கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பலாங்கொடைக்கும் இரத்தினபுரிக்கும் இடையில் எத்தனை இடத்தில் இறங்கி ஐசியை, அடையாள அட்டையை, காட்ட வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஏழு வருடமாக நான் ஒரு மோட்டார் சைக்கிளுக்குச் சொந்தக்காரி. அதன் பின் சீட்டில் உட்கார்வதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாது. தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்த பாடசாலைக்குத் தினமும் அவர்தான் என்னைக் கொண்டுபோய் விடுவார்.

பைக் போனது கவலை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஒரு தமிழ் டீச்சரின் பெயரில் இருக்கிற பைக், யாரோ ஒருவன் கையில், எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அவன் எதற்குப் பாவிப்பானோ? ஏதாவது நடந்தால் முதலில் தேடி வருவது பொத்தகத்தில் இருக்கிற பெயரைத்தான்.

"நாளைக்கு முதல் பஸ்ல போறோம். இப்பவே லெட்டர் எழுதுறேன்" என்றேன்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் முதலில் தமிழில் எழுதி, பிறகு சிங்களத்தில் எழுதினால்தான் ஒழுங்காக இருக்கும். நான் தமிழ் படிப்பிக்கிற டீச்சர். கடிதம் எழுதுதல் என்ற பாடத்தை ஆண்டு எட்டுக்கு வருடாவருடம் நடத்துகிறவள். பிள்ளைகளின் கொப்பியிலிருந்து நடுப்பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"எத்தன மணிக்கு நிப்பாட்டுனீங்க?"

"ஒம்பது இருக்கும்."

"திரும்பி வந்து பாத்தது?"

"பதினொன்னர."

"கச்சேரியில ரெண்டர மணித்தியாலம் என்ன வேல?"

"கியூ."

அதை அப்படியே விட்டுவிட்டு, பைக்கின் விபரத்துக்குப் போனேன். பொத்தகத்தைப் பார்த்துப் பதிவு இலக்கம், எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் மூன்றையும் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் தரகர் பேசுவது போலப் பேசினார்.

"கறுப்புக் கலர். டேங்க்ல செவப்புக் கோடு. நல்ல நெலம. ஒரே ஒத, ஸ்டாட் ஆயிரும்."

"நாலு ஒத."

"மழ நாள்ல மட்டுந்தான்."

"பலாங்கொடையில மழ இல்லாத நாள் எது? அத விடுங்க. விசேஷ அடையாளம் என்ன? வலது பக்கக் கண்ணாடி இல்ல. சீட்டு கிழிஞ்சு, நீல ரெயின்கோட்டுத் துணியில நான் ஒட்டுப் போட்டுத் தச்சது."

அவர் டீயைக் கீழே வைத்தார். "ரெயின்கோட்ட எழுதாத. பொலிசுல சிரிப்பாங்க."

"இந்தக் கலர்ல, இந்த மாதிரி, நூறு பைக் இருக்கும். ரெயின்கோட்டு சீட்டு ஒண்ணுதான் இருக்கும்."

எழுதினேன். கடைசியாக இணைப்புகள். ஒன்று, பதிவுப் பொத்தகத்தின் போட்டோ கொப்பி. இரண்டு, காப்புறுதிப் பத்திரத்தின் கொப்பி. வருடாவருடம் எடுக்கிற வரிப் பத்திரம் வண்டியிலேயே இருந்ததால் அதோடு போய்விட்டது என்று ஒரு குறிப்பு. மூன்று, என் ஐசி கொப்பி. நான்கு, பைக்கின் சாவி, அதாவது திறப்பு. ஹேண்டில் லொக் உடைந்து எத்தனையோ மாதம் ஆகிறது என்பதையும் எழுதினேன்.

"ஒங்க லைசனையும் குடுங்க. அதையும் ஒரு கொப்பி எடுத்துருவோம்."

அவர் எழுந்து போய்த் திறந்திருந்த ஜன்னலை இன்னும் திறந்தார்.

"அதுவும் பைக்லதான் இருந்துச்சு."

"பைக்ல எங்க?"

"சீட்டுக்கு அடியில."

"போன கெழமதானே சீட்டக் கழட்டித் தச்சேன்? ஒரு துணியும் ஒரு ஸ்பானரும்தான் இருந்துச்சு."

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பி வந்தார். பிறகு மெதுவாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். சாரதி அனுமதிப் பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சை அனுமதி அட்டை. அன்றைய திகதி. காலை ஒன்பதரை மணி. கச்சேரிச் சீல்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. ஏழு வருடமாக என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரிகிற மனிதரிடம் லைசன் கிடையாது. லைசன் எடுக்கிற பரீட்சைக்கு, லைசன் இல்லாமல், பைக்கிலேயே போயிருக்கிறார். உள்ளே உட்கார்ந்து வீதிச் சட்டம் எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே எவனோ பைக்கைத் தூக்கியிருக்கிறான்.

"இருக்குன்னு சொன்னீங்களே?"

"கல்யாணத்துக்கு மொதல்ல ஒரு தடவ எழுதினேன். பெயிலாப் போச்சு. டீச்சரக் கட்டிக்கிட்டு அவகிட்ட பெயில்னு எப்பிடிச் சொல்றது? தோட்டத்து ரோட்டுல யாரும் கேக்கல. செக்பொயின்ட்ல ஐசியத்தான் பாத்தான். அப்பிடியே வருஷம் ஓடிப் போச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் பெரிது. மலைப் பாதையில் எத்தனை வளைவு, எத்தனை மழை, எத்தனை தடவை அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறேன்! அவர் பரீட்சையில் பெயில் ஆனது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஏழு வருடம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு சாப்பிட்டு எழுந்தாரே என்பதுதான் சுட்டது.

ஆனால் கடிதம் பாதியில் கிடந்தது. "நிகழ்ந்த விதம்" என்ற பகுதி எழுத வேண்டும். யார் ஓட்டிக்கொண்டு போனது என்று எழுதினால் அவர் மாட்டுவார். அவருக்கு வண்டியைக் கொடுத்த சொந்தக்காரி என்ற முறையில் நானும் மாட்டுவேன்.

"ஒபிசுக் கட்டட வேல செய்யிற மேசன் ஓட்டிக்கிட்டு வந்ததா எழுதுவோமா?" என்றார்.

"மேசனுக்கு லைசன் இருக்கா?"

யோசித்தார். "இல்ல."

நான் பேனையை எடுத்தேன். படித்த இலக்கணம் எப்போது உதவும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எனக்கு அன்றைக்கு உதவியது. "மேற்படி மோட்டார் சைக்கிள் காலை ஒன்பது மணியளவில் கச்சேரி மதிலோரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பதினொன்றரை மணியளவில் அது அவ்விடத்தில் இல்லாமை அவதானிக்கப்பட்டது" என்று எழுதினேன். செயப்பாட்டு வினை. செய்தவன் என்று ஒருவனே தேவையில்லை.

அவர் இரண்டு தடவை வாசித்தார். "இதுல நான் எங்க?"

"நீங்க இல்ல."

"ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லி, ஆறிப்போன டீயைக் குடித்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். இரத்தினபுரியில் இறங்கிப் போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனோம். வாசலில் மண்மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற காவலர் இரண்டு ஐசியையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெயரை எழுதி, என் கைப்பைக்குள் இருந்த சோற்றுப் பார்சலையும் அழுத்திப் பார்த்த பிறகு உள்ளே விட்டார். முறைப்பாடு எழுதுகிற மேசையில் மூக்குக் கண்ணாடியோடு ஒரு சார்ஜன் இருந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். நான் டீச்சர் என்றதும், "வாடிவென்ன மிஸ்" என்று கதிரையைக் காட்டினார். என் வீட்டுக்காரருக்குக் கதிரை இல்லை.

பேச்செல்லாம் சிங்களத்தில்தான். கடிதத்தை எடுத்து நிதானமாக வாசித்தார்.

"மிஸ்ட எழுத்து முத்து மாதிரி இருக்கு. எங்க ஆளுங்க எழுதுறத நீங்க பாக்கணும்." நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் விரல் ஒரு வரியில் நின்றது. "'நவத்தா திபுனி.' நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. சரி. கவுத நெவத்துவே?"

யார் நிறுத்தியது என்று கேட்கிறார்.

"அங்கதான் இருந்துச்சு, சார்ஜன் மாத்தயா" என்றேன்.

"பலாங்கொடைப் பக்கத்து பைக். இங்க மரத்தடியில இருந்துச்சு. தானா வந்துச்சா?"

நான் இணைப்புகளை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பொத்தகம், காப்புறுதி, ஐசி, திறப்பு. "மூன்றாந் தரப்புக் காப்புறுதிதான். களவுக்கு ஒண்ணும் கெடைக்காது, தெரியும்தானே?" என்றார். தெரியும் என்றேன். "ஓட்டினவர்ட லைசன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"தள்ளிக்கிட்டு வந்தேன், சார்."

சார்ஜன் கண்ணாடியைக் கழற்றினார். "பலாங்கொடையிலேருந்தா?"

"ஆமா சார்."

"இருபத்தஞ்சு மைலுக்கு மேல இருக்கும். தள்ளிக்கிட்டு?"

என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். பொய்யை நம்பும்படி ஆக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார் போல.

"எறக்கத்துல உக்காந்துக்கிட்டேன்."

பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த கொன்ஸ்டபிள் பேனையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அவருடைய சிரிப்பு வெளியிலிருந்து கேட்டது. சார்ஜன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். வகுப்பில் பிள்ளைகளை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தார்.

நான் கைப்பையைத் திறந்து, பரீட்சை அனுமதி அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். "இதுவும் ஒரு இணைப்பு" என்றேன்.

சார்ஜன் அதை வாசித்தார். திகதியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், சீலைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"லைசன் பரீட்சைக்கு, லைசன் இல்லாம, பைக்ல வந்தீங்க?"

"பஸ்ஸுல வந்தா லேட் ஆயிரும் சார்."

அப்போதுதான் அந்த மனிதர் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். உள்ளே இருந்து ஓஐசி, நிலையத்தின் பொறுப்பதிகாரி, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரித்து முடித்ததும் முகம் ஒரேயடியாக மாறியது.

"மிஸ், ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க. இந்தக் காலத்துல ஒரு பைக் காணாமப் போனா ஒரு மணித்தியாலத்துக்குள்ள சொல்லணும். நீங்க ஒரு நாள் விட்டுட்டு வந்திருக்கீங்க. இந்த ஒரு நாளைக்குள்ள அது எங்கயாவது ஏதாவது செஞ்சிருந்தா, நான் இப்ப உங்களோட இப்பிடிக் கதைச்சுக்கிட்டு இருக்க மாட்டேன். லைசனுக்குப் பயந்துதானே வரல?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கும் ஒரு கதிரை வந்தது. சார்ஜன் பெரிய முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லி, வரிவரியாக எழுதினார். என் செயப்பாட்டு வினை ஒன்றுகூட மிஞ்சவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டி, எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். என் கடிதத்தையும் இணைப்புகளையும் ஒரு பைலில் போட்டார். கடிதத்தின் கொப்பி ஒன்றில் சீல் குத்தி, பதிவு இலக்கத்தை எழுதித் தந்தார்.

"இத எப்பவும் கையில வச்சுக்கங்க. எந்த செக்பொயின்ட்ல பைக்கப் பத்திக் கேட்டாலும் காட்டுங்க. எல்லா ஸ்டேஷனுக்கும் இப்பவே மெசேஜ் போடுறேன். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் ஒரு லெட்டர் போடுங்க. அப்பதான் பைக்க எவனும் வேற பேருக்கு மாத்த ஏலாது."

"லைசன் விஷயம்?" என்று மெல்லக் கேட்டேன்.

"அவர் ஓட்டுறத நான் கண்ணால பாக்கல. ஓஐசி மாத்தயாகிட்டயும் சொல்றேன். இனிமே பாத்தா ரெண்டு பேருக்கும் கேஸ். குடுத்த உங்களுக்கும்."

வெளியே வந்து, பஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். அவர் ஒரு பிடி சாப்பிட்டுவிட்டு, "எறக்கம்னு சொன்னது கொஞ்சம் அதிகமாப் போச்சு, என்ன?" என்றார். சிரித்துவிட்டால் கோபம் போய்விடும் என்று வாயை இறுக்கிக்கொண்டேன்.

ஒன்பது நாள் இரண்டு மைல் ஏறி நடந்து பாடசாலைக்குப் போனேன். பத்தாவது நாள் மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பாடசாலை வாசலில் ஒரு பொலிஸ்காரர் வந்து நின்றார். அந்த நாளில் தமிழ்ப் பாடசாலைக்குப் பொலிஸ் வந்தால் யாருக்கும் பாடம் ஓடாது. பாடசாலை அதிபர் வியர்த்துப்போய் என் வகுப்புக்கு வந்தார்.

"டீச்சர், ஒங்களத்தான் கேக்குறாங்க. என்னா செஞ்சீங்க?"

பயந்துகொண்டே போனேன். வந்தவர் எங்கள் பக்கத்துப் பொலிசைச் சேர்ந்த இளவயதுக்காரர். ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து வாசித்தார்.

"ரெயின்கோட் சீட் மிஸ் நீங்கதானா?"

பெல்மதுளைப் பக்கம் ஒரு இறப்பர்த் தோட்டத்து ரோட்டோரம் பைக் கிடந்திருக்கிறது. இலக்கத் தகடு இரண்டும் இல்லை. ஆனால் நீல ஒட்டு அப்படியே இருந்திருக்கிறது. ரோந்து போனவர்களில் ஒருவருக்கு மெசேஜில் வந்த "நீல ரெயின்கோட்டு" ஞாபகம் வந்திருக்கிறது. எடுத்தவன் கடைசிவரை அகப்படவில்லை. பெற்றோல் தீர்ந்து, நாலு உதை உதைத்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டுப் போயிருப்பான் என்று நினைக்கிறேன்.

இரத்தினபுரிப் பொலிஸ் முற்றத்தில் பைக் நின்றது. சார்ஜன் ஒரு துணியால் எஞ்சினைத் துடைத்து, இலக்கத்தைப் பொத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. ஆனால் கையில் தர முடியாது என்றார். அது இப்போது வழக்குப் பொருள். நீதிமன்றம் விட்டால்தான் தரலாம். குறித்த நாளில் நான் மூலப் பொத்தகத்தோடு நீதிமன்றத்தில் நின்றேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். பொத்தகத்தைப் பார்த்தார்கள். கேட்கும்போது திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று பிணை எழுதி வாங்கிக்கொண்டு, பதிவுச் சொந்தக்காரியிடம் ஒப்படைக்கும்படி நீதவான் உத்தரவிட்டார். எல்லாம் ஐந்து நிமிடம்தான். அதற்காகக் காலையிலிருந்து காத்திருந்தோம்.

உத்தரவோடு திரும்பி வந்ததும் சார்ஜன் திறப்பை என் கையில் தந்தார். "சரி மிஸ், யார் ஓட்டிக்கிட்டுப் போறது?"

என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். பரீட்சை முடிவு அதற்குள் வந்திருந்தது. பெயில். தோட்டத்து ரோட்டில் தான் எப்படி ஓட்டுவாரோ அப்படியே எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியிருக்கிறார். இலக்கத் தகடும் இல்லாத வண்டி வேறு.

நல்ல காலம், கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப் போய்விட்டு வெறுமையாகத் திரும்புகிற பலாங்கொடை லொறி ஒன்று தேநீர்க் கடை முன்னால் நின்றது. சாரதியின் மகள் என் வகுப்பில் படிக்கிறவள். "டீச்சருக்கு இல்லாத எடமா?" என்றார். நாலு பேர் சேர்ந்து பைக்கைத் தூக்கி ஏற்றினார்கள். கட்டுவதற்குக் கயிறு போதவில்லை. ஒருவர் மேலே உட்கார்ந்து பிடித்துக்கொண்டால் சாயாது என்றார் சாரதி.

அப்படியாக என் வீட்டுக்காரர் லொறிக்குள் நின்ற பைக்கின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து, ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, இரத்தினபுரியிலிருந்து புறப்பட்டார். முன்சீட்டிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வளைவு வரும்போதெல்லாம் உடம்பைச் சாய்த்தார். பெல்மதுளைச் செக்பொயின்ட்டில் நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் பின்னால் ஏறிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான்.

தோட்டத்துச் சந்தியில் இறங்கும்போது தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரம். பாதித் தோட்டமும் அங்கேதான் நின்றது. அவர் பைக்கிலிருந்து இறங்காமலேயே எல்லாருக்கும் கையைக் காட்டினார். நான் அத்தனை நாளாக இறுக்கி வைத்திருந்த வாயைத் திறந்து சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.

அடுத்த நாளிலிருந்து பின்னேரங்களில் அவர் என் மாணவர். வீதிச் சின்னங்களைக் காட்போட்டில் வரைந்து ஒவ்வொன்றாகக் காட்டுவேன். தப்பாகச் சொன்னால் பத்துத் தடவை எழுத வேண்டும். கோபத்தை அதில் தீர்த்துக்கொண்டேன் என்று சொன்னாலும் தப்பில்லை. பைக் அது பாட்டுக்குச் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அடுத்த பரீட்சைக்குப் பஸ்ஸில் அனுப்பினேன். பாஸ். சில மாதம் கழித்து ஓட்டுப் பரீட்சையும் பாஸ்.

லைசன் கையில் வந்த மறுநாள் காலை, ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சட்டப்படி அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். மனிதர் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, ஹோர்ன் அடித்து, இடமும் வலமும் பார்த்து, எதிரே ஒரு மாடு வந்தால்கூட ஓரம் கட்டி நின்று வழிவிட்டார். "கொஞ்சம் வெரசாப் போங்க" என்றேன். "இப்ப என்கிட்ட லைசன் இருக்கு. அப்பிடியெல்லாம் ஓட்டக் கூடாது" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது அதிபர் கையொப்பப் புத்தகத்தில், பிந்தி வருகிறவர்களுக்கு மேலே போடுகிற சிவப்புக் கோட்டைப் போட்டு முடித்திருந்தார்.